வைப், ரீசெட்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

கயல்: வணக்கம். பள்ளிகளுக்குப் பழைய அச்சுப்பொறிகளைச் சேகரித்துக் கொடுக்கும் குழு ஒன்றுக்குத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பொறிக்குள் தங்கியிருக்கும் ஆவணங்களையும் வைஃபை கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் செய்தி. ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ இருக்கிறது. பொறியில் பதிந்திருப்பதை அழிப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் வைப்புக்கு என்ன? (பாருங்கள், ‘வைப்பு’ என்று எழுதினாலே வங்கி ஞாபகம்தான் வருகிறது!) ‘துடை’ என்று போட்டிருக்கிறேன்.

மீனா: எங்கள் வீட்டுப் பொறியிலும் இதே தொல்லைதான். பக்கம் முழுக்கக் கோடு கோடாக வருகிறது. எந்தத் துணியால் துடைக்க வேண்டும்? தண்ணீர் தொட்டுத் துடைக்கலாமா?

இளங்கோவன்: ‘துடை’ ஏன் ஆகாது என்பதை அம்மையாரே காட்டிவிட்டார். எஞ்சியிருப்பது எச்சம். தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும் என்றார் வள்ளுவர். பொறியை விற்றவர் எப்படிப்பட்டவர் என்பதும் அதனுள் விட்டுப்போன எச்சத்தால் காணப்படும்! எச்சம் + அழிப்பு: மகர மெய் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி ‘எச்சவழிப்பு’. மரவடி போல.

வசந்தன்: ஐயா, எச்சம் என்றால் என் பிள்ளைகளுக்குக் காக்கை போட்டதுதான் தெரியும். அதோடு இதற்கு ஒரு சொல்லே தேவையா? பிளக்கைப் பிடுங்கினால் நினைவகம் காலியாகிவிடுமே.

சேகர்: கோவையில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறேன். வசந்தன் சொன்னது பாதி சரி. வீட்டில் இருக்கிற சின்னப் பொறியில், அச்சுக்கு அனுப்பிய பக்கம் பெரும்பாலும் மின்சாரம் போனால் போய்விடும். வைஃபை விவரம் போகாது. அது தனியாகப் பதிந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கி ஒரு வருடம் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். ஆபீஸ் மெஷின்களில் பலவற்றில் ஹார்ட் டிஸ்கே உண்டு. நகல் எடுத்தது, ஸ்கேன் செய்தது எல்லாம் அதில் தங்கலாம். 2010-இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய நகல் பொறிகளை வாங்கித் திறந்து பார்த்தது. போலீஸ் ஆவணமும் மருத்துவ ஆவணமும் கிடைத்தன.

கயல் கேட்ட வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. ரீசெட் செய்தால் மொழி, தாள் அளவு, நெட்வொர்க் எல்லாம் புதுசு போல ஆகும். டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கலாம். அதை அழிக்கத் தனி மெனு. டிஸ்க் முழுக்க மேலெழுதுவதால் சில மணி நேரம்கூட ஆகும். ஒரு நிமிடத்தில் முடிந்தது என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மெஷின் எழுந்திருக்கவே இல்லை என்றால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டுதான் எடைக்குப் போட வேண்டும்.

அப்புறம், ரீசெட்டையும் கண்மூடி நம்ப வேண்டாம். 2023-இல் கேனான் நிறுவனமே அறிவித்தது: அதன் இங்க்ஜெட் மாடல்கள் பலவற்றில் வழக்கமான முறையில் ரீசெட் செய்தாலும் வைஃபை விவரம் அழியாமல் போகலாம். அதற்கு அவர்கள் சொன்ன வழி: முதலில் `Reset all`, பிறகு வயர்லெஸ்ஸை மறுபடி ஆன் செய்வது, அதன்பின் மீண்டும் ஒருமுறை `Reset all`.

கயல்: முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணா?

சேகர்: நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தை அச்செடுத்துப் பாருங்கம்மா. பழைய வைஃபை பெயர் அதில் இருக்கக் கூடாது. ஆபீஸ் மெஷின் என்றால் முகவரிப் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஸ்கேன் போய்ச் சேரும் ஃபோல்டரின் கடவுச்சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும், எல்லோரும் மறப்பதும் அதைத்தான். டிஸ்க் அழிந்ததை மட்டும் இப்படிப் பார்க்க முடியாது. அழிப்பு முடிந்ததும் சில மெஷின்கள் ஒரு அறிக்கை அச்சிடும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐயாவின் சொல்லை நான் ‘எச்ச வழிப்பு’ என்று படித்தேன். மாவுப் பாத்திரத்தை வழிக்கிற மாதிரி. அதுவே நன்றாக இருக்கிறதே?

இளங்கோவன்: தவறான பிரிப்பு! வழித்தல் வேறு, அழித்தல் வேறு.

வசந்தன்: தவறோ சரியோ, வழித்தல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அரசு அறிக்கை மாதிரி ஒன்றில் ‘வழி’ என்று மட்டும் போட்டால் எந்த ஊருக்கு வழி என்பார்கள். ‘முழுதாக அழி’ என்று போடுங்கள், கயல்.

கயல்: வசந்தன் சொன்னதற்கு நான்கு பேர் ஆமாம் போட்டுத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். நேரமில்லை. ‘முதலில் முழுதாக அழி, பிறகு மீட்டமை’ என்று அனுப்பிவிட்டேன்.

இளங்கோவன்: இரண்டு சொற்றொடர் ஒரு கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மீனா: கோடு இன்னும் போகவில்லை.

சேகர்: மீனா அம்மா, மெனுவில் ஹெட் கிளீனிங் என்று இருக்கும், அதைப் போடுங்கள், துணி வேண்டாம். ஐயா, கோபிக்காதீர்கள், கடைப் பையன் அழித்து முடித்த மெஷின் மேலெல்லாம் ‘வழிச்சாச்சு’ என்று எழுதி ஒட்ட ஆரம்பித்துவிட்டான்.

இளங்கோவன்: ‘வழித்தாயிற்று’ என்றாவது எழுதச் சொல்லுங்கள்.