ஆலையை மூடும்போது தரும் கடிதத்துக்கு என்ன பெயர்?

கொண்டலாம்பட்டியிலிருந்து, கணக்கர்:

எல்லோருக்கும் வணக்கம். துண்டு நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். தறி ஓட்டுகிறவர்கள், நூலைத் தாரில் சுற்றும் பெண்கள், மேஸ்திரி எல்லாம் சேர்த்து 22 பேர். முதலாளி கூடத்தை மூட முடிவு செய்துவிட்டார். ஆளுக்கு ஒரு கடிதம் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார். ‘பணிநீக்கம்’ என்று தலைப்பிட மனம் வரவில்லை. இவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. அதனால் ‘பணிநிறைவு அறிவிப்பு’ என்று போட்டேன். முதல் வரி இது: “தவிர்க்க முடியாத காரணங்களால் நமது ஆலை மூடப்படுகிறது, தங்கள் பாக்கி முறைப்படி தீர்க்கப்படும்.” இதைவிட நல்ல சொல் இருக்கிறதா?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ‘பணிநிறைவு’ மரியாதையான சொல். எனக்கும் அந்தப் பெயரில்தான் விழா எடுத்தார்கள். அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு:

என் வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் வேலை பார்த்த இடத்தை மூடியபோது கொடுத்த தாளில் ‘பணிநீக்கம்’ என்றுதான் இருந்தது. அடுத்து வேலை கேட்டுப் போன இடத்தில், “எதுக்கு நீக்கினாங்க?” என்று கேட்டார்கள். இடத்தையே மூடிவிட்டார்கள் என்று சொன்னால், தாளில் அப்படி இல்லையே என்றார்கள். மூன்று மாதம் அந்தத் தாளைக் காட்டாமலேயே வேலை தேடினார். அந்தச் சொல் மட்டும் வேண்டாம் அண்ணா.

சேலம், தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்:

ஏற்காட்டு அக்கா சொல்வது சரி. ஆனால் ஆசிரியர் ஐயாவின் சொல்லை ஏற்க முடியவில்லை. பணிநிறைவு என்றால் வயது முடிந்து ஓய்வு பெறுவது என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். வயது முதிர்ந்து ஓய்வு பெறுவதும், தானே விருப்ப ஓய்வு பெறுவதும் சட்டத்தில் ஆட்குறைப்பில் சேராது. சேராவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. நாளைக்குத் தகராறு வந்தால், “ஓய்வு என்றுதானே கையெழுத்துப் போட்டு வாங்கினாய்” என்று அந்தத் தலைப்பையே எடுத்துக் காட்டுவார்கள். மென்மையாக இருக்கட்டும் என்று வைத்த சொல்லே அவர்கள் பணத்தைக் கேள்விக்குள்ளாக்கிவிடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது முதல் வரி. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்பதைக் கல்யாணம் தள்ளிப்போனாலும் எழுதுகிறோம். ஆலை மூடலில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய தவிர்க்க முடியாத சூழலால் மூடினால், எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் இழப்பீடு மூன்று மாதச் சராசரி ஊதியத்துக்கு மேல் போகாது. பண நெருக்கடி, நட்டம், விற்காமல் தேங்கிய சரக்கு, குத்தகை முடிந்தது, இவை மட்டும் காரணம் என்றால் அந்த வரம்பு பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் கூடம் எதனால் மூடுகிறது?

கணக்கர்:

ஆர்டர் குறைந்துவிட்டது. நூல் விலைக்குத் துண்டின் விலை கட்டவில்லை. குடோனில் சரக்கு நிற்கிறது.

வழக்கறிஞர்:

அப்படியே எழுதுங்கள். உண்மைக் காரணத்தைச் சொல்வதுதான் மரியாதை. காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டமும்கூட.

செவ்வாய்ப்பேட்டை, பட்டறை வைத்திருப்பவர்:

ஐம்பது பேருக்குக் கீழே என்றால் நோட்டீஸே தேவையில்லை என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். 22 பேருக்கு எதற்கு இத்தனை விவாதம்?

வழக்கறிஞர்:

பாதி சரி அண்ணா. மூடுவதற்கு 60 நாள் முன்பு அரசுக்குத் தர வேண்டிய அறிவிப்புதான் ஐம்பதுக்குக் கீழே தேவையில்லை. தொழிலாளிக்குத் தர வேண்டியது வேறு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத எழுத்து அறிவிப்போ, அதற்குப் பதில் ஒரு மாத ஊதியமோ கட்டாயம். அதோடு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தையும் ஒரு வருடமாகக் கொள்ள வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. இவை மாறவில்லை.

கணக்கரே, ஒருவருடைய கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கணக்கர்:

தார் சுற்றும் அக்கா ஒருவர். 11 வருடம் 7 மாதம். மாதம் 13,000 ரூபாய். பன்னிரண்டு வருடமாக எடுத்தேன். பணிக்கொடைக்கு மாதத்தை 26 நாளாக வைக்கும் கணக்கில் 15 நாளுக்கு 7,500 வருகிறது, பன்னிரண்டுக்கு 90,000. இழப்பீட்டுக்கும் அதே 90,000 போட்டேன்.

வழக்கறிஞர்:

பணிக்கொடை சரி. இழப்பீட்டில் அந்த 26 வராது. உச்ச நீதிமன்றம் 2007இல் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. பதினைந்து நாள் என்றால் மாத ஊதியத்தில் பாதி: 6,500; பன்னிரண்டுக்கு 78,000. முதலாளி கூடுதலாகத் தந்தால் தடையில்லை. ஆனால் கடிதத்தில் இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். ஒரே தொகையாக எழுதினால் எதை வாங்கினோம், எது வரவில்லை என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. மூடிய இரண்டு வேலை நாளுக்குள் கடைசி ஊதியம் கைக்கு வர வேண்டும், பணிக்கொடை முப்பது நாளுக்குள்.

தறி ஓட்டுபவர் ஒருவரின் மகள், அம்மாபேட்டை:

நான் ஒன்று சொல்லலாமா? ‘தங்கள் பாக்கி’ என்று எழுதினால் எங்கள் அப்பா பயந்துவிடுவார். தறிக்கூடத்தில் பாக்கி என்றால் முதலாளியிடம் வாங்கிய முன்பணம். ‘உன் பாக்கி எவ்வளவு’ என்று கேட்டால் நீ எவ்வளவு தரணும் என்றுதான் பொருள்.

கணக்கர்:

ஆமாம். பதினேழு வருடமாக அதே பொருளில்தான் நானே எழுதுகிறேன். இது எப்படித் தோன்றாமல் போயிற்று! ‘நாங்கள் தங்களுக்குத் தர வேண்டிய தொகை’ என்று மாற்றிவிட்டேன். முன்பணத்தைப் பணிக்கொடையில் பிடிக்கச் சொல்கிறார் முதலாளி.

வழக்கறிஞர்:

பணிக்கொடையில் கை வைக்கக் கூடாது. முன்பணத்துக்குத் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

தமிழாசிரியர்:

என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லுக்கு வருவோம். ‘பணிமுடிவு’ என்றால் வேலை தானாக முடிந்துவிட்டது போல ஒலிக்கிறது. முடிந்தது தன்வினை, முடித்தது பிறவினை. இங்கே வேலையை முடிப்பவர் முதலாளி. அந்தப் பொறுப்பு சொல்லில் தெரிய வேண்டும். ஆகவே ‘பணிமுடிப்பு’. எதனால் என்பதையும் சேர்த்தால் ‘ஆலைமூடல் பணிமுடிப்பு அறிவிப்பு’. தொழிலாளியின் மேல் ஒரு குற்றமும் ஒட்டவில்லை. கூடத்தில் சொல்லும் ‘கணக்கு முடிக்கிறது’ என்பதையும் நினைத்தேன். ஆளைத் தீர்ப்பதற்கும் அதையே சொல்கிறார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை:

ஆட்குறைப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே ஐயா. தொழிலாளர் அலுவலகத்தில் புதுச் சொல்லைக் காட்டினால் விழிப்பார்கள்.

தமிழாசிரியர்:

நூறு பேரில் பத்துப் பேரை அனுப்பினால் ஆட்குறைப்பு. இங்கே குறைத்த பிறகு மிச்சம் யார்?

வழக்கறிஞர்:

பொருளில் ஐயா சொல்வது சரி. மூடலில் ‘ஆட்குறைப்பு செய்யப்பட்டது போலக் கருதி’ இழப்பீடு தரச் சொல்கிறது சட்டம். இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் அந்த ‘போல’. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய தொகுப்பில், வேலை இழந்தவர்கள் வேறு திறன் கற்க மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. முதலாளி ஒரு தொழிலாளிக்கு 15 நாள் ஊதியம் கட்ட வேண்டும். அதை ‘ஆட்குறைப்பு நேர்வில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். தலைப்பிலேயே மூடல் என்று பிரித்துவிட்டால் இந்த 22 பேருக்கு அது கிடைக்காது என்பார்கள். கிடைக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். தலைப்பு புதுச் சொல்லாக இருக்கட்டும்; உள்ளே ‘ஆட்குறைப்புக்குரிய இழப்பீடு’ என்ற தொடரை மட்டும் விடாதீர்கள்.

கணக்கர்:

இப்படி எழுதியிருக்கிறேன்:

“ஆலைமூடல் பணிமுடிப்பு அறிவிப்பு. ஆர்டர் குறைந்ததாலும், நூல் விலைக்கேற்ற விற்பனை விலை கிடைக்காததாலும் இந்தத் தறிக்கூடத்தை மூடுகிறோம். தங்கள் வேலையிலோ நடத்தையிலோ எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் முடியும்போது தங்கள் பணி முடிக்கப்படுகிறது. ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் பணிக்கொடையும் மற்ற தொகைகளும் கீழே தனித்தனியாக உள்ளன.”

‘முடிக்கப்படுகிறது’ என்பதை ‘முடிக்கிறோம்’ என்று மாற்றலாமா ஐயா?

தமிழாசிரியர்:

மாற்றுங்கள். மூடுகிறோம் என்று முதல் வரியில் எழுதியவர் அங்கே மட்டும் ஏன் ஒளிய வேண்டும்?

அம்மாபேட்டை:

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘பணிமுடிப்பு’ புரிந்தது. ‘பணிக்கொடை’ என்றால் முதலாளி விருப்பப்பட்டுக் கொடுப்பதா என்று கேட்டார்.

தமிழாசிரியர்:

கொடை என்றால் அப்படித்தானே படும். எத்தனையோ ஆண்டாகப் புழங்குகிற சொல். இதற்கு என்னிடம் மாற்று இல்லை. தனி மடலாகத் தொடங்கலாம்.