தலை எண்ணிக்கை சரி, ஆனாலும் இரண்டு பேரைக் காணோம்: உங்கள் அனுபவம் என்ன?

நிகழ்ச்சித் தொண்டூழியர்:
போன மாதம் இரண்டாம் மாடி அரங்கில் பிள்ளைகளுக்கான நடனப் போட்டி. பாதியில் அபாயமணி அடித்தது. பின்கட்டில் சூடேற்றிய உணவின் புகைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இருக்கை வரிசைகளை ஐந்து பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வார்டன், கையில் அன்றைய வருகைப் பட்டியல் என்று முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். எல்லாரும் கீழே திறந்தவெளி கார்நிறுத்தத்தில் கூடினோம்.

மூன்றாம் பகுதிப் பட்டியலில் 38 பேர். வார்டன் தலைகளை எண்ணினார், 38 வந்தது. "சரி" என்று சொல்லப் போனவரை, எங்களில் மூத்த அக்கா ஒருவர் தடுத்து, "பேர் சொல்லிக் கூப்பிடு தம்பி" என்றார். கூப்பிட்டால் 36 பேர்தான் பதில் சொன்னார்கள். மீதி இரண்டு தலை, பதிவு செய்யாமல் வந்து உட்கார்ந்த ஒரு தம்பதி. பட்டியலில் இருந்த ஒரு தாயும் மகளும் அங்கே இல்லை.

கைப்பேசியில் அழைத்தோம். இடைவேளையிலேயே கிளம்பி எம்ஆர்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் உயிர் போய் வந்தது. உங்கள் இடங்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

ஜூரோங்வாசி:
க்யூஆர் ஸ்கேன் வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது. யார் உள்ளே என்று நொடியில் தெரியும். தாளெல்லாம் எதற்கு?

கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருப்பவன்:
பாதி சரி. ஸ்கேன் செய்தால் பதிவு செய்தும் வராதவர்கள் கழிந்துவிடுவார்கள், அது நல்லதுதான். ஆனால் வெளியே போகும்போது யாரும் ஸ்கேன் செய்வதில்லை. அந்தத் தாயும் மகளும் உங்கள் திரையிலும் உள்ளேதான் இருந்திருப்பார்கள். வைஃபை போனாலோ, பட்டியலை வைத்திருப்பவரின் பேட்டரி தீர்ந்தாலோ வேறு வழியும் இல்லை. இடைவேளை முடிந்ததும் புதுப் பட்டியலை அச்சடித்து வார்டன் கையில் கொடுங்கள்.

தொண்டூழியருக்கு: அக்கா செய்ததுதான் முறை. கூடுதலாக இரண்டு பேர், குறைவாக இரண்டு பேர் என்றால் மொத்தம் பொருந்திவிடும், தவறு வெளியே தெரியாது. ஆனால் உங்கள் கதையில் எனக்குப் பெரிய கவலை வேறு. நடனமாடிய பிள்ளைகள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்?

நிகழ்ச்சித் தொண்டூழியர்:
அவர்கள் மேடைப் பக்கக் கதவு வழியாக வந்தார்கள். பட்டியல் நடன ஆசிரியர்களிடம் மட்டும்தான் இருந்தது. எங்களிடம் இல்லை.

கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருப்பவன்:
அதைத்தான் நினைத்தேன். ஒப்பனை அறையில் ஒரு பிள்ளை தங்கிப்போயிருந்தால், உங்கள் ஐந்து பட்டியலிலும் அதன் பெயர் இருக்காது. யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு வார்டனும் வெளியேறும் வழியில் தன் பகுதியையும், அதை ஒட்டிய கழிவறை, ஒப்பனை அறை, சேமிப்பறையையும் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்க வேண்டும். புகை கண்டால் உள்ளே போகாமல் "இந்த அறையைப் பார்க்கவில்லை" என்று கீழே சொல்ல வேண்டும். அதுவும் ஒரு தகவல்தான்.

சமையல்காரர், ஒலி ஒளிக் குழு, நடனக் குழு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்டன் வையுங்கள்.

செங்காங் அம்மா:
எங்கள் கட்டடத்தில் முதல் மணி விட்டு விட்டு அடிக்கும், இறங்காமல் காத்திருக்கச் சொல்வார்கள். அரங்கிலும் அப்படித்தானா? என் மாமியார் சக்கர நாற்காலியில் இருப்பவர், போன முறை நாங்கள் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினோம், முதுகு போய்விட்டது.

கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருப்பவன்:
அக்கா, சில உயரக் கட்டடங்களில் இரண்டு கட்ட மணி உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. அந்தந்த அரங்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாமியாருக்கு, திட்டத்தில் குறித்திருக்கும் பாதுகாப்பான மின்தூக்கி முன்கூடத்திலோ படிக்கட்டுத் தளத்திலோ ஒருவர் துணையோடு காத்திருக்க ஏற்பாடு செய்வார்கள். அந்தத் துணை உடனே கீழே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதுகாப்பாக இருக்கும் ஒருவர், பட்டியலில் காணாமல் போனவர் ஆகிவிடுவார்.

ஜூரோங்வாசி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். பெயர் வராத ஆளைத் தேட யார் மேலே போவது?

கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருப்பவன்:
நம்மில் யாரும் போகக் கூடாது. பெயர், உட்கார்ந்த இடம், கடைசியாக யார் எங்கே பார்த்தார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வரும் குடிமைத் தற்காப்புப் படை அதிகாரியிடம் கொடுங்கள். "இரண்டு பேரைக் காணோம்" என்றால் அவர்கள் முழு மாடியையும் தேட வேண்டும். "மேடைக்கு இடப்பக்க ஒப்பனை அறை, பச்சை உடை, 9 வயது" என்றால் நேரே அங்கே போவார்கள்.

நிகழ்ச்சித் தொண்டூழியர்:
அடுத்த நிகழ்ச்சிக்கு ஆசிரியர்களின் பட்டியலையும் வாங்கி, அவர்களில் ஒருவரையே வார்டன் ஆக்குகிறோம். ஆனால் மணி அடித்ததும் பிள்ளையைத் தேடி மேடைப் பக்கம் ஓடும் பெற்றோரை எப்படி நிறுத்துவது? அன்று நான்கு பேர் ஓடினார்கள்.

கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருப்பவன்:
ஒன்றுகூடும் இடத்தில் பிள்ளைகளை எங்கே சேர்ப்பார்கள் என்று நிகழ்ச்சி தொடங்கும் முன்பே மேடையில் அறிவியுங்கள். முழுதாக நிற்காது. எங்கள் இடத்திலும் இன்னும் ஓடுகிறார்கள்.