பிரிவு 19-இல் "செல்லாது" என்று போட்டிருப்பது சரியா? வாய்ட், வாய்டபிள் தமிழில் எப்படிப் பிரிப்பது?

மஞ்சக்குப்பம் மாணவி:
வணக்கம். கடலூரில் இருந்து எழுதுகிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று அச்சிட்ட ஒரு தனியார் பதிப்பில் படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி என்பதால் முதலில் தமிழைத்தான் பார்ப்பேன்.

பிரிவு 19-இல் ஒரு எடுத்துக்காட்டு வருகிறது. தன் தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஐந்நூறு மணங்கு அவுரி தயாராகிறது என்று 'அ' பொய் சொல்லி, 'ஆ'வை அந்தத் தொழிற்சாலையை வாங்க வைக்கிறார். தமிழ்ப் பக்கத்தில் "இந்த ஒப்பந்தம் செல்லாது" என்று முடிகிறது. அதை நம்பி, தொழிற்சாலையை 'ஆ' வைத்துக்கொள்ள முடியாது என்று மாதிரித் தேர்வில் எழுதினேன். அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே இல்லை. பிரிவு 20-க்கும் அதே "செல்லாது"தான் இருக்கிறது. எங்கே தவறினேன்?

லாஸ்பேட்டை செந்தில்:
சுலபம். வாய்ட் என்றால் இல்லாநிலை, வாய்டபிள் என்றால் தவிர்தகு. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏமாற்று, வற்புறுத்தல் என்றால் தவிர்தகு. மைனர் சம்பந்தப்பட்டிருந்தால் எப்போதும் இல்லாநிலை, 1903-இல் மோகரி பீபி வழக்கிலேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

நெல்லிக்குப்பத்தான்:
மைனர் என்றதும் என் விஷயம் நினைவுக்கு வந்தது. தாத்தா என் பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்த அரை ஏக்கரை, எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அப்பா கோர்ட் அனுமதி வாங்காமல் விற்றுவிட்டார். இப்போது எனக்கு இருபது. மைனர் சொத்து விற்பனை செல்லாது என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்தேன். செந்தில் அண்ணன் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பத்திரம் தானாகவே செத்துப்போனதுதானே?

புதுவை மொழிபெயர்ப்பாளர்:
முதலில் நெல்லிக்குப்பம் தம்பிக்கு. இல்லை, தானாகச் சாகாது. மைனரே கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு, மைனரின் சொத்தைக் காப்பாளர் விற்பது வேறு. செந்தில் சொன்ன வழக்கு முதல் வகைக்குத்தான். உங்களுடையதற்கு 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் பிரிவு 8-ஐப் பாருங்கள். அனுமதியில்லாத விற்பனை அங்கே வாய்டபிள், அதுவும் மைனரோ அவர்வழி உரிமை கோருபவரோ கேட்டால்தான். வயது வந்த பிறகு ரத்து கேட்க, காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று. "செல்லாது" என்ற சொல்லை நம்பிச் சும்மா இருந்தால் அந்த நாள் ஓடிவிடும். இந்த வாரமே பத்திர நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி மாணவிக்கு. உங்கள் பதிப்பு தவறு. ஆங்கிலப் பக்கத்தில் "வாய்டபிள் அட் தி ஆப்ஷன் ஆஃப் பி" என்று இருக்கும். அந்த 'ஆப்ஷன்' தமிழில் காணாமல் போயிருக்கிறது. "ஆ-வின் விருப்பத்தின்பேரில் தவிர்க்கத்தக்கது" என்று வந்திருக்க வேண்டும். ஏமாந்தவர் விரும்பினால் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் தன் நிலை எப்படி இருந்திருக்குமோ அந்த நிலையைத் தரும்படி கேட்கலாம். பிரிவு 19-இன் இரண்டாம் பத்தியே அதைச் சொல்கிறது. உங்கள் மதிப்பெண் அங்கேதான் போனது.

நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: தமிழ் வாக்கியத்தில் யார் முடிவெடுக்கிறார் என்று தேடுங்கள். ஆள் இருந்தால் தவிர்தகு. ஆளே இல்லையென்றால் இல்லாநிலையாக இருக்கலாம், அல்லது மொழிபெயர்த்தவர் ஆளை விட்டிருக்கலாம். உடனே இடப்பக்கம் போய்ப் பாருங்கள். பிரிவு 20-இல் இரு தரப்புமே தவறாகப் புரிந்துகொண்டவர்கள், தேர்வு செய்யும் ஆள் யாரும் கிடையாது. அதனால் அங்கே "செல்லாது" சரிதான்.

இன்னொன்று. சில பதிப்புகளில் "செல்லாததாக்கத்தக்க" என்று போடுவார்கள். பொருள் சரி, ஆனால் அச்சில் நடு எழுத்துகள் விழுந்தால் "செல்லத்தக்க" ஆகிவிடும். பொருள் தலைகீழ். ஒரு நகலில் அப்படியே பார்த்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் மாணவி:
இப்போது புரிகிறது, ஐயா. பிரிவு 2-ஐத் திரும்பப் பார்த்தேன். வாய்ட் என்று சொல்லும் இடத்தில் அக்ரிமெண்ட், வாய்டபிள் வரும் இடத்தில் காண்ட்ராக்ட். என் புத்தகத்தில் இரண்டுக்குமே "ஒப்பந்தம்".

புதுவை மொழிபெயர்ப்பாளர்:
சரியாகப் பிடித்தீர்கள், அம்மா. முதலாவது உடன்பாடு, இரண்டாவது ஒப்பந்தம். சட்டத்தால் நிறைவேற்ற முடியாத உடன்பாடு ஒப்பந்தமாகவே ஆகவில்லை. தவிர்தகு ஒப்பந்தமோ, உரியவர் விலக்கும்வரை உயிரோடு இருக்கிறது. பக்க ஓரத்தில் பென்சிலால் 'உ', 'ஒ' என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பிரிவு 2-இன் கடைசி உட்பிரிவில், நல்ல ஒப்பந்தமாக இருந்து பிறகு இல்லாநிலை ஆவதும் வரும், அங்கே 'ஒ' போட வேண்டும்.

லாஸ்பேட்டை செந்தில்:
மைனர் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன், தம்பி மன்னிக்க வேண்டும். ஆனால் தேர்வில் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்? எங்கள் ஆசிரியர் "இல்லாநிலை", இன்னொருவர் "செல்லாநிலை" என்கிறார்.

புதுவை மொழிபெயர்ப்பாளர்:
அதில் ஒருமித்த முடிவு இல்லை. எதை எடுத்தாலும் விடைத்தாள் முழுக்க அதையே எழுதி, முதல் முறை பிரிவு எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்தான்:
பத்திர நகலுக்கு இன்று மனு கொடுத்துவிட்டேன். வரும் ஆவணியில் இருபத்தொன்று முடிகிறது.