முதல் விற்பனைக் கணக்கு: 600 கிராம் குஷனுக்கு 5 கிலோ கட்டணம்

பஞ்சுமூட்டை:
இரண்டு மாதம் முன்பு ஆன்லைன் சந்தை ஒன்றில் விற்பனையாளர் கணக்கு திறந்தேன். சரக்கு, 40 செ.மீ. சதுர ஃபைபர் குஷன். எடை 600 கிராம். விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் 38, கமிஷன் 14, ஆர்டருக்கான நிலைக்கட்டணம் 6, பேக்கிங் 5. ஒரு கிலோவுக்கான ஷிப்பிங் 22. கையில் 15 நிற்கும் என்பது என் கணக்கு.

முதல் செட்டில்மென்ட் வந்தபோது ஒவ்வொரு ஆர்டரிலும் 4 நஷ்டம். ஷிப்பிங்குக்கு 41 பிடித்திருந்தார்கள். ஷீட்டை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் 'கட்டண எடை' என்று ஒரு பத்தி, அதில் 5 கிலோ. என் வீட்டுத் தராசு பொய் சொல்கிறதோ என்று அரிசி டப்பாவை வைத்தெல்லாம் சரிபார்த்தேன்.

நாலாம்படி:
எனக்கும் கணக்கு திறக்கும்போதே தகராறு. வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால், அடையாள அட்டையில் முன்னால். மூன்று முறை நிராகரித்தார்கள். வங்கியில் போய்ப் பெயரை மாற்றிய பிறகுதான் நடந்தது. நீங்களும் பெயரை ஒருமுறை பாருங்கள்.

பஞ்சுமூட்டை:
கணக்கு திறந்தாகிவிட்டது நண்பரே, பணம்தான் வரவில்லை.

வேகவண்டி:
அவர்கள் தப்பாக அளந்திருப்பார்கள். எடைத் தகராறு என்று புகார் போடுங்கள், திருப்பித் தருவார்கள். எனக்குத் தந்தார்கள்.

பழைய அட்டைப்பெட்டி:
புகார் போடும் வழி இருப்பது உண்மைதான். ஆனால் இந்த இடத்தில் தப்பு அவர்கள் பக்கம் இல்லை. பெட்டி அளவு என்ன?

பஞ்சுமூட்டை:
சப்ளையர் கொடுத்த பெட்டிதான். 40, 40, 15.

பழைய அட்டைப்பெட்டி:
மூன்றையும் பெருக்கினால் 24,000. அதை 5,000 ஆல் வகுத்தால் 4.8 கிலோ. அடுத்த படிக்கு ஏற்றி 5 ஆக்கியிருக்கிறார்கள். வண்டியில் உங்கள் குஷன் அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. நிஜ எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதுதான் பில்லில் வரும். வகுக்கும் எண் எல்லா இடத்திலும் 5,000 இல்லை, உங்கள் தளத்தின் கட்டண விதியில் பாருங்கள். குறைவான எண் என்றால் எடை இன்னும் ஏறும்.

பெட்டியின் உள்ளளவைப் பதியக் கூடாது, வெளியளவுதான். வயிறு உப்பியிருந்தால் உப்பிய இடத்தில் அளப்பார்கள். மென்மையான சரக்குக்குப் பெட்டியே தேவையில்லை. காற்றை உறிஞ்சித் தட்டையாக்கி, தடித்த பாலித்தீன் கவரில் போடுங்கள். 4 செ.மீ. கனத்துக்கு வந்தால் 6,400 வகுத்தல் 5,000, அதாவது 1.28 கிலோ. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். வேகவண்டி சொன்ன புகார் அப்போதுதான் எடுபடும்.

பஞ்சுமூட்டை (மூன்று வாரம் கழித்து):
செய்து பார்த்தேன். ஷிப்பிங் 24 ஆனது. உறிஞ்சும் பைக்கு 1 சேர்த்துப் பேக்கிங் 6. கையில் 12 நிற்கிறது.

ஆனால் ரிட்டர்ன் வர ஆரம்பித்துவிட்டது. 'படத்தில் இருப்பது போல இல்லை, அப்பளம் மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். பிரித்தவுடன் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள், உப்புவதற்கு ஒரு நாள்கூட விடுவதில்லை. திரும்பி வரும்போது மட்டும் குஷன் நன்றாக உப்பிக்கொண்டு வருகிறது! அதனால் திரும்பும் கட்டணம் மறுபடி 41. போன ஷிப்பிங் 24, பேக்கிங் 6, திருப்பித் தராத நிலைக்கட்டணம் 6. கமிஷன் திரும்பி வந்தும் ஒரு ரிட்டர்னில் 77 போகிறது. ஆறு ஏழு விற்பனையின் லாபம் அது.

கத்தரிக்கோல்:
என் அனுபவத்தில் கவரின் மேலேயே பெரிய எழுத்தில் 'பிரித்து, தட்டி, 24 மணி நேரம் விடவும்' என்று ஒட்டினேன். உள்ளே போட்ட சீட்டை யாரும் படிக்கவில்லை. லிஸ்டிங்கில் தட்டையான படம் ஒன்றும், உப்பிய படம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரிட்டர்ன் குறைந்தது, நிற்கவில்லை.

இன்னொன்று, மொத்தமாக உறிஞ்சி அடுக்கி வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ஃபைபர் முழுதாக எழும்பாது. ஆர்டர் வந்த அன்று உறிஞ்சுங்கள்.

பழைய அட்டைப்பெட்டி:
அதோடு சப்ளையரிடம் சாம்பிள் கேட்கும்போதே ஒன்றை அமுக்கி ஒரு வாரம் வைத்துப் பிரித்துப் பாருங்கள். மொத்தச் சரக்கு வந்ததும் அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி செய்யுங்கள். சாம்பிளில் நல்ல பஞ்சும் மொத்தத்தில் கழிவுப் பஞ்சும் வந்து நான் ஒரு சீசனே தொலைத்திருக்கிறேன்.

வேகவண்டி:
குஷனை விட்டுவிட்டு உறை மட்டும் விற்கலாமே? மடித்தால் புத்தகம் அளவுதான்.

பஞ்சுமூட்டை:
வீட்டில் 140 குஷன் இருக்கிறது வேகவண்டி. அதை முதலில் எங்கே வைப்பது?