[கலைச்சொல்] வி.பி.என். இணைந்தும் எஸ்.எஸ்.எச். எட்டவில்லை: ‘ஸ்பிளிட் டனலிங்’ தமிழில் எது?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வலையமைப்புச் செய்முறைக் கையேட்டில் நான்கு பக்கங்களைத் தமிழில் எழுதி, திங்கட்கிழமை காலை அச்சகத்திற்குக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வயர்கார்டு என்னும் வி.பி.என். வழியாக ஆய்வகக் கணினிக்குள் நுழையும்போது, திரையின் மூலையில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தபின்னும் எஸ்.எஸ்.எச். எட்டாமல் போனால் பழுதை எங்கே தேடுவது என்பதுதான் பாடம்.

மூன்று தலைப்புகள் உள்ளன. முதலாவதற்கு ‘வழித்தடம்’, இரண்டாவதான எம்.டி.யு.வுக்குப் ‘பெருமப் பொதியளவு’ என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது ‘ஸ்பிளிட் டனலிங்’, அதாவது சில முகவரிகளுக்கான தரவுப் பொதிகளை மட்டும் வி.பி.என். சுரங்கத்துக்குள் அனுப்பி மற்றவற்றை வெளியே விடுவது; அதற்குப் ‘பிளவுச் சுரங்கம்’ என்று எழுதி இரண்டு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். அவர்களுள் ஒருவர், சுரங்கம் பிளந்துபோனால் அதை எந்தக் கட்டளையால் சரிசெய்வது என்று கேட்டார். நன்றாகப் படிக்கும் மாணவர் அவர். தவறு சொல்லில்தான் இருக்கிறது. வேறு சொல் தேவை.

தேவகி எழுதியது:

கயல்விழி, சொல் எதுவானாலும் பழுது ஒன்றுதான். ஆய்வகத்துத் தீயரண் 22ஆம் வாயிலை மூடியிருக்கும். இல்லையென்றால் பொதியளவு பெரிதாக இருக்கும். நான் எங்கு போனாலும் முதலில் 1280 என்று வைத்துவிடுகிறேன், வேலை நடந்துவிடுகிறது. மூன்று தலைப்புகளுக்குப் பதிலாக இந்த ஒரு வரியையே கையேட்டில் எழுதிவிடலாமே.

சொல்லைப் பொறுத்தவரை, ‘ஸ்பிளிட் டனலிங்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். நாளை வேலைக்குப் போகும் மாணவர் அங்கே அதைத்தான் கேட்கப்போகிறார்.

பொன்னுசாமி எழுதியது:

அம்மா கயல்விழி, பிளவு என்பது ஒன்றாக இருந்தது உடைவதைக் குறிப்பது. ஒரு வழி இரண்டாகப் பிரிவதற்கு நம்மிடம் ‘கவர்தல்’ என்னும் வினை இருக்கிறது. சிலம்பின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குப் போகும் வழி சூலத்தின் முனைகளைப்போல மூன்றாகப் பிரிவதைச் சொல்லும்போது ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறான். கவர்த்த வழிக்குச் சங்க நூல்களில் ‘கவலை’ என்று பெயர். எந்தக் கிளையில் போவதென்று தெரியாமல் நிற்கும் மனநிலைக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று என்பது என் துணிபு. ஆகவே ‘கவர்நெறி’ அல்லது ‘கவர்வழி’ என்று வையுங்கள்.

‘சுரங்கம்’ என்பதையும் மறுபரிசீலனை செய்யலாம். ஊர்காண் காதையில் ‘சுருங்கை வீதி’ வருகிறது. ஆனால் சுருங்கையும் கிரேக்கத்துச் ‘சிரிங்ஸ்’ வழியே வந்தது என்பார் உண்டு. ‘புழை’ ஐயத்துக்கு இடமில்லாத தமிழ்ச்சொல்.

நசீர் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். சொல்லுக்கு வருவதற்கு முன் தேவகி அவர்களின் ஒருவரித் தீர்வைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த மூன்று தலைப்புகளும் மூன்று தனிப் பழுதுகள். கயல்விழி, உங்கள் வீட்டிலிருந்து இந்தக் கட்டளையைக் கொடுத்து விடையை அனுப்புவீர்களா?

```
ip route get 10.20.0.15
```

கயல்விழி எழுதியது:

ஆய்வகக் கணினியின் முகவரி அதுதான். விடை:

```
10.20.0.15 via 192.168.1.1 dev wlan0 src 192.168.1.14
```

நசீர் எழுதியது:

உங்கள் பொதி சுரங்கத்துக்குள் போகவே இல்லை. `wg0` என்று வரவேண்டிய இடத்தில் `wlan0` வந்திருக்கிறது; அதாவது வீட்டுத் திசைவி வழியாகப் பொது இணையத்துக்குப் போய் அங்கே தொலைகிறது. அமைப்புக் கோப்பின் `AllowedIPs` வரியில் `10.8.0.0/24` மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது சுரங்கத்தின் இரு முனைகளுக்கான முகவரித் தொகுதி. ஆய்வகத்தின் `10.20.0.0/16` தொகுதியையும் அதில் சேருங்கள். இந்த நிலையில் 1280 அல்ல, எந்த எண்ணை வைத்தாலும் பயன் இருந்திருக்காது.

‘இணைக்கப்பட்டது’ என்ற சொல்லையும் இங்கேயே பார்க்க வேண்டும். வயர்கார்டில் இடைமுகம் எழுந்துவிட்டாலே திரை அப்படிக் காட்டிவிடும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்பது அதில் இல்லை. `wg show` கொடுத்து `latest handshake` வரியைப் பார்க்க வேண்டும். போக்குவரத்து இருக்கும்வரை ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். மூன்று நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்து, நீங்கள் பொதி அனுப்பிக்கொண்டும் இருந்தால், மறுமுனை கிடைக்கவில்லை என்று பொருள். ஆகவே கையேட்டில் ‘இடைமுகம் எழுந்தது’ என்றும் ‘கைகுலுக்கல் நடந்தது’ என்றும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

பொன்னுசாமி எழுதியது:

இதற்கு இலக்கணமும் துணைநிற்கிறது. ‘இணைக்கப்பட்டது’ செயப்பாட்டுவினை, இணைத்தவர் வேலையை முடித்துவிட்டார் என்று மட்டும் சொல்கிறது. ‘இணைந்தன’ என்றால் இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வினை நிகழும். இடைமுகம் மட்டும் எழுந்தபோது ‘இணைந்தன’ என்று எழுத ஒருவருக்கும் கை வராது.

ஸ்டீபன் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கயல்விழி அவர்களின் கேள்வி என் கேள்வியாகவும் இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் அலுவலகக் கணினியின் முகவரி 192.168.1.40. நான் எதையும் பிரிக்கவில்லை. `AllowedIPs` வரியில் `0.0.0.0/0` கொடுத்து எல்லாவற்றையும் சுரங்கத்துக்குள்தான் அனுப்புகிறேன். மற்ற அலுவலகக் கணினிகள் கிடைக்கின்றன, இது மட்டும் கிடைக்கவில்லை. பொதியளவைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.

கயல்விழி எழுதியது:

நசீர் அண்ணா, `10.20.0.0/16` சேர்த்ததும் `dev wg0` என்று வந்துவிட்டது, பிங்கும் வருகிறது. ஆனால் மாலையில் மின்சாரம் போனதால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து `ssh -v` கொடுத்தபோது இந்த வரியோடு நின்றுவிட்டது:

```
debug1: expecting SSH2_MSG_KEX_ECDH_REPLY
```

தேவகி அக்கா சொன்ன தீயரணா இது?

நசீர் எழுதியது:

தீயரண் 22ஆம் வாயிலை அடைத்திருந்தால் அதற்கு வெகுமுன்பே, `Connecting to` வரியிலேயே நின்றிருக்கும். உங்களுக்கு `Connection established` வந்திருக்கும், மறுமுனையின் பதிப்பு எண்ணும் வந்திருக்கும். அவையெல்லாம் சிறிய பொதிகள். அதன்பின் உங்கள் கணினி தனக்குத் தெரிந்த மறையாக்க முறைகளின் பட்டியலை அனுப்புகிறது. முழு அளவுப் பொதி முதன்முதலில் புறப்படுவது அங்கேதான். அது தொலைந்ததால் மறுமுனை காத்திருக்கிறது, நீங்களும் காத்திருக்கிறீர்கள். பிங் வந்ததற்கும் இதுவே காரணம். வழக்கமான பிங் 84 பைட்டுதான். தேவகி அவர்கள் சொன்ன இரண்டில் பொதியளவு என்பது இந்த இடத்தில் பொருந்துகிறது.

அளந்து பாருங்கள். துண்டாக்காதே என்ற குறியோடு முதலில் 1392, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்து:

```
ping -M do -s 1392 10.20.0.15
```

கொடுத்த எண்ணோடு 28 கூட்டினால் பொதியின் முழு அளவு கிடைக்கும்.

கயல்விழி எழுதியது:

1392க்கு விடையே இல்லை. 1400 கொடுத்தால் மட்டும் உடனே `message too long, mtu=1420` என்று என் கணினியே மறுக்கிறது. குறைத்துக்கொண்டே வந்தேன், 1332இல் விடை வந்தது.

நசீர் எழுதியது:

அந்த வேறுபாட்டைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். 1420ஐத் தாண்டினால் உங்கள் கணினி தானே மறுத்துவிடும். அது வெளிப்படையான பிழை. 1420க்குள் இருந்தும் விடை வராமல் போனால், பொதி புறப்பட்டு வழியில் காணாமல் போகிறது. வயர்கார்டு ஒவ்வொரு பொதியையும் இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்புகிறது, ஐ.பி. நான்காம் பதிப்பில் அதற்கு 60 பைட்டு, ஆறாம் பதிப்பில் 80 பைட்டு கூடும். 1500இலிருந்து 80ஐக் கழித்ததுதான் அந்த 1420. உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பாதை 1500ஐத் தாங்கவில்லை என்று தெரிகிறது. வெளியே உள்ள பொதி வழியில் துண்டாகி, அந்தத் துண்டுகளை எங்கோ கைவிடுகிறார்கள். உங்களுக்கு அறிவிப்பும் வராது.

1332உடன் 28 சேர்த்தால் 1360.

```
sudo ip link set dev wg0 mtu 1360
```

புதிதாக எஸ்.எஸ்.எச். தொடங்குங்கள். உங்கள் பக்கம் மட்டும் மாற்றினாலே போதும், டி.சி.பி. தொடங்கும்போதே உங்கள் கணினி தன்னால் எவ்வளவு பெரிய துண்டை வாங்க முடியும் என்று மறுமுனைக்குச் சொல்லிவிடுகிறது. டி.சி.பி. அல்லாதவற்றுக்கு இந்த வசதி இல்லை. தேவகி அவர்களின் 1280உம் இங்கே வேலை செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாணவர் அளக்கக் கற்றுக்கொள்ளமாட்டார்.

தேவகி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், நசீர். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்தால் 1280 என்றுதான் சொல்வேன்.

சொல்லுக்கு வருகிறேன். புலவர் ஐயா, ‘கவர்வழி’ என்று எழுதினால் மாணவர்கள் கடித உறையைத்தான் நினைப்பார்கள்; அவர்களுக்குக் கவர் என்றால் அதுதான். இங்கே பொதியை உண்மையிலேயே உறையிட்டு அனுப்புகிறோம் என்பதால் குழப்பம் இன்னும் ஆழமாகும். ‘புழை’யும் ஒருவருக்கும் தெரியாது, கேரள எல்லையில் உள்ள என் மாணவிகள் அதை ஆறு என்று படிப்பார்கள்.

கயல்விழி எழுதியது:

1360 வைத்ததும் உள்ளே நுழைந்துவிட்டேன். மிக்க நன்றி. உள்ளே இருப்பதை ‘உட்பொதி’ என்றும் சுற்றியுள்ளதை ‘வெளிப்பொதி’ என்றும் எழுதுகிறேன். ‘பகுதிச் சுரங்கவழி’ என்றும், எல்லாவற்றையும் உள்ளே அனுப்பினால் ‘முழுச் சுரங்கவழி’ என்றும் வைக்கலாமா?

நசீர் எழுதியது:

இணையாக வருவதால் கற்பிக்க எளிது; என் வாக்கு அதற்கே. ஆனால் ஸ்டீபன் அவர்களின் பழுது இந்தச் சொல்லைச் சோதிக்கிறது. ஸ்டீபன், உங்கள் வீட்டு வலையமைப்பும் 192.168.1 என்றே தொடங்குகிறதா?

ஸ்டீபன் எழுதியது:

ஆம், திசைவி வந்தபோதிலிருந்து அப்படித்தான். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நசீர் எழுதியது:

உண்டு. ஒரு முகவரிக்குப் பல வழித்தடங்கள் பொருந்தினால், மிகக் குறுகிய முகவரித் தொகுதியைக் குறிப்பதையே கணினி தேர்ந்தெடுக்கும். உங்கள் வீட்டின் `/24` எல்லாவற்றையும் குறிக்கும் `/0`ஐவிடக் குறுகியது. அதனால் 192.168.1.40ஐ உங்கள் கணினி வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. `AllowedIPs` வரியில் `192.168.1.40/32` என்று கூடச் சேர்த்தால் அது வென்றுவிடும். வீட்டிலும் ஒரு கருவி அதே எண்ணில் இருந்தால் அது கிடைக்காமல் போகும். நிலையான தீர்வு வீட்டின் முகவரித் தொகுதியை மாற்றுவதுதான்.

பொன்னுசாமி எழுதியது:

அப்படியானால் ‘முழு’ என்று பெயர் வைத்த சுரங்கத்திலும் வீட்டுத் தொகுதி வெளியே நின்றுவிடுகிறதே. பொதி சுரங்கத்தின் வாயிலை அடையும் முன்பே, எந்தப் பக்கம் என்று முடிவாகும் இடத்தில் வழி கவர்க்கிறது; முழு, பகுதி என்பவை அந்த இடத்தைக் காட்டவில்லை. தேவகி சொன்ன உறைக் குழப்பத்தை ஏற்கிறேன். ஆயினும் அதற்கு ‘கவர்நெறி’ என்று நெறியோடு சேர்த்து எழுதுவதே மருந்து என்று இன்னமும் கருதுகிறேன். என் மாறுபாட்டைப் பதிவு செய்துவிடுங்கள். ‘உட்பொதி’ புணர்ச்சி சரி.

கயல்விழி எழுதியது:

ஐயா, பதிவு செய்துவிட்டேன். மூன்று பேர் ‘பகுதிச் சுரங்கவழி’க்கு இசைந்ததால் அச்சுக்கு அதுவே போகிறது; அடிக்குறிப்பில் ‘கவர்நெறி’யும் இருக்கும். ‘முழுச் சுரங்கவழி’ இருக்கும் பத்தியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். ஸ்டீபன் அவர்கள் `/32` வைத்துப் பார்த்து எழுதினால் அதையே அங்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்து, பிறகு அந்தச் சொல்லைப் பார்ப்போம்.