வாராக்கடன், ஐயக்கடன் ஒதுக்கு: ரிவிஷன் தாளை எப்படி அமைக்கிறீர்கள்? அனுபவம் பகிருங்கள்

செல்லூர் டியூஷன்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் பி.காம் முதல் வருடப் பிள்ளைகளும் எழுதி வைத்திருக்கும் ரிவிஷன் தாள்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. வாராக்கடனுக்கான மூன்று குறிப்பேட்டுப் பதிவுகளும் அழகாக இருக்கும். மூன்றாவது பதிவின் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் தாளில் இடமே இருக்காது. அந்தத் தொகை பேரேட்டில் ஒதுக்குக் கணக்கைப் போட்ட பிறகுதான் கிடைக்கும். அதனால் இந்த ஒரு கணக்குக்கு மட்டும் பேரேட்டை முதலில் நிரப்புங்கள், பதிவை அப்புறம் எழுதுங்கள் என்பது என் முறை.

கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை ஒன்றின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 31 மார்ச் 2024 இருப்பாய்வில் கடனாளிகள் ரூ.82,000, வாராக்கடன் ரூ.3,000, வாரா ஐயக்கடன் ஒதுக்கு (வரவுப் பக்கம்) ரூ.3,500. சரிக்கட்டுதலில் இன்னும் ரூ.2,000 வாராக்கடன் போக்கெழுத வேண்டும், கடனாளிகள் மீது 5% ஒதுக்கு வேண்டும்.

ஒரு ஏ4 தாளை மூன்றாகப் பிரியுங்கள். மேல் பகுதியில் இரண்டே கணக்கீடு. 82,000 கழித்தல் 2,000, மீதி 80,000. அதில் 5% என்றால் 4,000. இதுதான் புதிய ஒதுக்கு. அடுத்தது 3,000 கூட்டல் 2,000, மொத்த வாராக்கடன் 5,000.

நடுப் பகுதியில் ஒதுக்குக் கணக்கின் பேரேடு:

பற்று: வாராக்கடன் க/கு 5,000, இருப்பு கீ/இ 4,000, மொத்தம் 9,000
வரவு: இருப்பு கீ/கொ 3,500, இலாப நட்ட க/கு 5,500, மொத்தம் 9,000

அந்த 5,500 கடைசியாக விழும் எண். மற்ற மூன்றையும் எழுதி இரு பக்கத்தையும் சமன் செய்தால் தானாக வரும், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கீழ்ப் பகுதியில் பதிவுகள்:

வாராக்கடன் க/கு ப 2,000; கடனாளிகள் க/கு 2,000
வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு ப 5,000. வாராக்கடன் க/கு 5,000
இலாப நட்ட க/கு ப 5,500. வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு 5,500

முதல் பதிவில் 2,000 மட்டும், இரண்டாவதில் 5,000. இருப்பாய்வில் இருக்கும் 3,000-க்கான முதல் பதிவு வருடத்துக்குள்ளேயே போட்டாயிற்று, கடனாளிகளிலும் அது குறைந்துவிட்டது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டிய வரி இதுதான். 3,000-ஐக் கடனாளிகளில் மறுபடி கழிப்பவர்கள்தான் வகுப்பில் அதிகம்.

திருமங்கலம் பி.காம்

சார், இவ்வளவு வேண்டாமே. புதிய ஒதுக்கு 4,000, பழைய ஒதுக்கு 3,500, வித்தியாசம் 500. அந்த 500-ஐ மட்டும் இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்தால் போதும். எங்க காலேஜில் அப்படித்தான் போடுகிறோம், விடை சரியாகத்தான் வருகிறது.

செல்லூர் டியூஷன்

தம்பி, நீங்கள் சொல்வது பாதி வழி. வாராக்கடன் 5,000-ஐ ஒதுக்குக் கணக்குக்கு மாற்றாமல் இலாப நட்டக் கணக்குக்கே நேராகக் கொண்டுபோனால் ஒதுக்குக்கு 500 போதும். 5,000 கூட்டல் 500, அதே 5,500. உங்கள் கல்லூரியிலும் அந்த 5,000 தனி வரியாக இருக்கும், பாருங்கள். இரண்டு வழியும் சரி, கலப்பதுதான் வினை. இரண்டாவது பதிவைப் போட்டு வாராக்கடனை ஒதுக்குக்கு மாற்றிவிட்டு, பிறகு வெறும் 500 மட்டும் பற்று வைத்தால் ஒதுக்குக் கணக்கின் வரவுப் பக்கம் 4,000-தான். பற்றுப் பக்கம் 9,000 நிற்கும்.

திருமங்கலம் பி.காம்

ஆமா சார், இலாப நட்டக் கணக்கில் வாராக்கடன் தனியாக இருக்கிறது. ஆனால் பரீட்சையில் எந்த வழியில் எழுதினால் முழு மதிப்பெண்?

கூடல்நகர் கணக்கு அக்கா

பேரேடு கேட்டிருந்தால் ஒதுக்கு வழி. இறுதிக் கணக்கு மட்டும் கேட்டிருந்தால் இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் ஒரே இடத்தில் வாராக்கடன் 3,000, கூட்டுக: கூடுதல் வாராக்கடன் 2,000, கூட்டுக: புதிய ஒதுக்கு 4,000, கழிக்க: பழைய ஒதுக்கு 3,500 என்று உள்பத்தியில் காட்டி, வெளிப்பத்தியில் 5,500. இந்த அமைப்பில் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு எண்ணும் தெரியும். ஒரு எண் தப்பினாலும் மற்ற படிகளுக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. எல்லாத் திருத்துநரும் ஒரே மாதிரி போடுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

என் பங்குக்கு: பிள்ளைகளின் ரிவிஷன் தாளில் சரியான விடைக்குப் பக்கத்தில் தவறான விடைகளையும் எழுதச் சொல்கிறேன். தவறு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எண்ணைக் கொடுக்கும். இதே கணக்கில் 5,600 வந்தால் 82,000-க்கு 5% போட்டிருக்கிறீர்கள். 5,350 வந்தால் 3,000-ஐ மறுபடி கழித்து 77,000-க்குப் போட்டிருக்கிறீர்கள். 9,000 வந்தால் பழைய ஒதுக்கை மறந்தாச்சு. 10,500 வந்தால் வாராக்கடன் நேராகவும் ஒதுக்கு வழியாகவும் இரண்டு முறை போயிருக்கிறது.

இதில் ஒன்று முக்கியம். இருப்பு நிலைக் குறிப்பு சமன் ஆகிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். 82,000-க்கு 5% போட்டு 4,100-ஐ இலாப நட்டக் கணக்கிலும் இருப்பு நிலைக் குறிப்பிலும் ஒரே மாதிரி காட்டினால் தவறான விடையே அழகாகச் சமன் ஆகும். பழைய ஒதுக்கை மறந்தால் சமன் ஆகாது, 3,500 இடிக்கும். அதனால் வித்தியாசம் வந்தால் அந்த எண்ணை இருப்பாய்வில் முதலில் தேடுங்கள்.

வாடிப்பட்டி

எங்க கடை உரக்கடை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போக்கெழுதின ஒரு சம்சாரி இப்ப வந்து ரூ.1,800 கட்டிட்டாரு. அதை அவர் கணக்குலயே வரவு வச்சுட்டேன். இப்ப அவர் பேருல வரவு இருப்பு காட்டுது. இந்த ஒதுக்குல கழிக்கணுமா? அப்புறம் வித்தப்ப கட்டின ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

கூடல்நகர் கணக்கு அக்கா

அண்ணே, இது ஒதுக்குக் கேள்வி இல்லை, வசூலான வாராக்கடன். அவர் கணக்கு போக்கெழுதினப்பவே முடிந்துவிட்டது. ரொக்கம் க/கு ப 1,800. வசூலான வாராக்கடன் க/கு 1,800 என்று போட்டு, அதை வருமானமாக இலாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கம் கொண்டுபோங்கள். அவர் பேரில் வரவு இருப்பு விட்டுவைத்தால் நீங்கள் அவருக்குக் கடன்பட்டவர் போலத் தெரியும். வகுப்புக் கணக்கிலும் இதே பொறி உண்டு. கேள்வியில் அவர் பெயரைப் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பெயரைப் பார்த்ததும் அவர் கணக்கை எடுப்பார்கள்.

ஜிஎஸ்டி: வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதற்காக விற்பனையில் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது.

செல்லூர் டியூஷன்

வாடிப்பட்டி அண்ணனுக்கு இன்னொன்று. வருமான வரியில் உங்களைப் போன்ற கடைக்கு ஒதுக்கு செலவாகக் கழியாது, ஏட்டில் உண்மையாகப் போக்கெழுதிய கடன்தான் கழியும். வகுப்புக் கணக்கை அப்படியே ரிட்டர்னுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வாடிப்பட்டி

சரிங்க. பதிவை மாத்திடுறேன்.

உசிலை மாணவி

நான் எக்செலில் ஒரு தாள் செய்து வைத்திருக்கிறேன். B1 கடனாளிகள், B2 இருப்பாய்வு வாராக்கடன், B3 கூடுதல் வாராக்கடன், B4 விகிதம், B5 பழைய ஒதுக்கு.

```
=B2+B3+(B1-B3)*B4-B5
```

82000, 3000, 2000, 5%, 3500 கொடுத்தால் 5500 வருகிறது. ஆனால் நோட்ஸில் உள்ள ஒரு கணக்கில் பழைய ஒதுக்கு 12,000. அதில் −3000 என்று வருகிறது. பார்முலா தப்பா?

செல்லூர் டியூஷன்

பார்முலா சரிம்மா. பழைய ஒதுக்கு தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். பேரேட்டில் போட்டுப் பாருங்கள். வரவுப் பக்கம் இருப்பு கீ/கொ 12,000. பற்றுப் பக்கம் வாராக்கடன் 5,000, இருப்பு கீ/இ 4,000, மீதி 3,000. இந்த முறை இலாப நட்டக் கணக்கு ஒதுக்கின் பற்றுப் பக்கத்தில் விழுகிறது. அதனால் பதிவும் திரும்பும்: வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு ப 3,000, இலாப நட்ட க/கு 3,000. பேரேட்டை முதலில் போடச் சொல்வது இதற்காகவும்தான். பதிவை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே 3,000-ஐப் பற்று வைத்துவிடும், இலாபம் 6,000 பிசகும்.

உங்கள் தாளில் B1-க்கு மேலே இன்னும் இரண்டு வரி விட்டுவையுங்கள். கடனாளிகளை மாற்றும் சரிக்கட்டுதல்கள் வாராக்கடனோடு நிற்பதில்லை. ஒப்புதல் அடிப்படையில் அனுப்பிய சரக்கு ரூ.6,000, அடக்கவிலை ரூ.5,000, விற்பனையாகவே பதிவாகிவிட்டது, வாடிக்கையாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேள்வியின் கடைசி வரியில் இருக்கும். விற்பனையிலும் கடனாளிகளிலும் 6,000 குறையும், இறுதிச் சரக்கிருப்பில் 5,000 கூடும். 80,000 என்பது 74,000 ஆகும். 5% இப்போது 3,700, இலாப நட்டக் கணக்கில் 5,200. ஒதுக்கு பற்றிய வரி முதலில் வந்தாலும் சதவீதத்தைக் கடைசியில்தான் போட வேண்டும்.

திருமங்கலம் பி.காம்

2% தள்ளுபடி ஒதுக்கும் கேட்டால்? எங்க பெஞ்சில் பாதிப்பேர் 80,000-க்குப் போட்டு 1,600 என்கிறோம்.

கூடல்நகர் கணக்கு அக்கா

1,520. வராது என்று ஒதுக்கிய 4,000-க்கு யாரும் தள்ளுபடி கேட்டு வரப்போவதில்லை. 76,000-க்குத்தான் 2%. அதைத் தனிப் பதிவாக வையுங்கள், 5,500-க்குள் சேர்க்காதீர்கள். இருப்பு நிலைக் குறிப்பில் 82,000, கழிக்க 2,000, கழிக்க 4,000, கழிக்க 1,520 என்று இறங்கி 74,480.

உசிலை மாணவி

அக்கா, மார்ச் 31-க்குள் கடனாளி நொடித்துப்போன செய்தி ஏப்ரலில்தான் தெரிந்தது என்று ஒரு கணக்கு. அதைக் கூடுதல் வாராக்கடனில் சேர்க்கணுமா?

கூடல்நகர் கணக்கு அக்கா

நொடித்த நிலை மார்ச் 31-லேயே இருந்ததென்றால் சேர்க்க வேண்டும், செய்தி பிந்தி வந்தாலும். ஏப்ரலில் கடை தீப்பிடித்து அதனால் நொடித்தார் என்றால் சேர்க்கக் கூடாது.

செல்லூர் டியூஷன்

அதில் சின்ன வகுப்புக் கணக்குகள் காரணமே சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அப்போது நான் சேர்த்துவிட்டு, எடுத்துக்கொண்ட அனுமானத்தைக் கீழே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். வேறு மாதிரி செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேள்வித்தாளின் வாசகத்தோடு.