வெண்புள்ளியை உள்ளபடி விபரிக்க எந்தச் சொற்கள் சரி?

வணக்கம் உறவுகளே, ஒரு உதவி வேணும். திருகோணமலையில ஒரு அக்காவின்ர படத்தை, கோணேசர் கோயில் பின்னணியில, ஏஐ மூலம் புதுசா உருவாக்குறம். அவவுக்கு வெண்புள்ளி இருக்கு. அது இருக்கிறபடியே வரவேணும் எண்டதுதான் அவவின்ர விருப்பம்.

"வெண்புள்ளி உள்ள பெண்" எண்டு மட்டும் எழுதினால் ரெண்டு கண்ணைச் சுற்றியும் ஒரே அளவில வெள்ளை வட்டம் வருது. "அழகான சருமம்" எண்டு சேர்த்தால் எல்லாம் அழிஞ்சுபோகுது. "பாதிக்கப்பட்ட" எண்டால் முகமே சோகமாகுது. அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

இப்ப எழுதுறது இது:

"மாநிறம். அவரின் இடது வாயோரத்தில் பெருவிரல் நகமளவு பால்வெள்ளைத் திட்டு. ஓரம் தெளிவானது, ஒழுங்கற்றது. இடப்புருவ நுனியில் சில வெள்ளை முடிகள். தோல் சமதளமானது, தழும்பில்லை, செதிலில்லை. முகத்தில் வேறெங்கும் திட்டில்லை."

"அவரின் இடது" எண்டு எழுதாட்டி பக்கம் மாறிடும். மாதிரிக்குக் குடுக்கிற செல்ஃபியும் சிலவேளை கண்ணாடிபோலத் திரும்பியிருக்கும், முதல்ல அதைப் பாருங்கோ.

முகம் சரியா வருது. ஆனால் கும்பிடுற கை புதுசா வரையப்படுறதால, அவவின்ர விரல்நுனியில மட்டும் இருக்கிற திட்டுகள் கையுறை மாதிரி மணிக்கட்டுவரை பரவுது. இதை நிறுத்த எப்படி எழுதுறீங்கள்? இல்லாட்டி கையை வேறயா படமெடுத்துச் சேர்க்கிறதுதான் வழியோ?